படத்தில் இருப்பது என்ன, படம் வந்தது எங்கிருந்து: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அடுத்த சில நாட்களில் ஒரு புகைப்படம் உலகம் முழுக்கச் சுற்றியது. ஒரு சின்னப் பையன், தன்னைவிடச் சின்னவளான ஒரு பெண்குழந்தையைக் கட்டி அணைத்திருக்கிறான். ‘நேபாளத்தில் நான்கு வயது அண்ணனின் அணைப்பில் இரண்டு வயது தங்கை’ என்பதுபோல ஒரு வரியும் கூடவே வந்தது. அந்தப் பிள்ளைகளைத் தேடிக் கிளம்பியவர்களும் உண்டு, அவர்களுக்காகப் பணம் திரட்டப் பார்த்தவர்களும் உண்டு.

இந்த ஒரே படத்தை வைத்து இரண்டு வகைக் கருவிகளையும் பார்க்கலாம். ஒன்று படத்தைப் பார்த்து விவரிக்கும் ஏஐ கருவி. இன்னொன்று, அந்தப் படம் இணையத்தில் வேறெங்கே இருக்கிறது என்று தேடித்தரும் தலைகீழ்ப் படத்தேடல். இரண்டிலும் செய்வது ஒரே வேலைதான், படத்தைப் பதிவேற்றுவது. அதனால்தான் பலரும் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள்.

படி 1: முதலில் விவரிக்கச் சொல்லுங்கள்

படத்தைச் சேமித்து, ஏஐ கருவியில் ஏற்றி, ‘இதில் என்ன இருக்கிறது?’ என்று மட்டும் கேளுங்கள். இரண்டு குழந்தைகள், ஒருவன் மற்றவளை அணைத்திருக்கிறான், அந்தச் சிறுமி பயந்ததுபோல் இருக்கிறாள் என்கிற மாதிரி பதில் வரும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். படத்தில் உள்ள வடிவங்களைத் தான் கற்ற கோடிக்கணக்கான படங்களோடும் சொற்களோடும் பொருத்திப் பார்த்து அது எழுதுகிறது.

இப்போது அதே படத்தைப் புதிய உரையாடலில் ஏற்றி, ‘நேபாள நிலநடுக்கத்தில் தப்பிய இந்தக் குழந்தைகளைப் பற்றிச் சொல்’ என்று கேட்டுப் பாருங்கள். பல சமயம் பதிலிலும் நிலநடுக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. நீங்கள் கொடுத்ததையே திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். எந்த ஊர், எந்த ஆண்டு, யார் எடுத்தது என்பதெல்லாம் படத்தின் புள்ளிகளில் எழுதப்பட்டிருக்காது. கடைப் பலகையோ வண்டி எண்ணோ தெரிந்தால் ஊகிக்க ஒரு பிடி கிடைக்கும். இரண்டு குழந்தைகள் மட்டும் இருக்கும் படத்தில் அதற்கும் வழியில்லை.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். இது பிரபலமான படம் என்பதால், சில கருவிகள் அதன் கதையைச் சரியாகவே சொல்லக்கூடும். அது பயிற்சியின்போது படித்த நினைவிலிருந்து வருவது. இதை நம்பி நாளைக்கு உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் பிரபலமில்லாத படத்தையும் அதனிடம் கேட்டால், அதே உறுதியான தொனியில் தவறான ஊர்ப்பெயர் வரலாம்.

படி 2: இப்போது தேடுங்கள்

கணினியில் images.google.com போய், தேடல் பெட்டியில் உள்ள கேமரா குறியை அழுத்திப் படத்தை ஏற்றுங்கள். கைபேசி என்றால் கூகுள் செயலியிலேயே அதே கேமரா குறி இருக்கும். படத்தின் மேல் யாராவது எழுத்து ஒட்டியிருந்தால், அந்தப் பகுதியை முதலில் வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் தேடல் அந்த எழுத்தின் பின்னால் போய்விடும். வெட்டியபின், தேர்வுக் கட்டம் ஒரு முகத்தை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் மீதிப் படம் முழுவதையும் சுற்றி இருக்கிறதா என்று பாருங்கள்.

முடிவுகள் வந்ததும் ஒரு கணம் நிதானியுங்கள். மேலே சில வரிகளில் ஒரு ஏஐ சுருக்கம் வரலாம். அது விவரிப்பு, மூலம் அல்ல. அதற்குக் கீழே Visual matches என்ற பகுதியில் வருபவை இதைப்போன்ற படங்கள்: வேறு ஊரில் வேறு இரண்டு குழந்தைகள் அணைத்துக்கொண்டிருப்பார்கள். நமக்கு வேண்டியது Exact matches, அதாவது இதே படம் உள்ள பக்கங்கள். பொத்தான்களின் பெயர் அவ்வப்போது மாறும், ஆனால் ‘இதே படமா, இதைப்போன்ற படமா’ என்ற கேள்வி மாறாது.

படி 3: பழையதைத் தேடுங்கள்

அடுத்து tineye.com. அங்கே படத்தை ஏற்றி, முடிவுகளை Oldest என்று வரிசைப்படுத்துங்கள். டின்ஐ படத்தில் என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்ள முயல்வதில்லை. படத்திலிருந்து ஒரு கைரேகை மாதிரி எடுத்து, தன்னிடம் உள்ள கைரேகைகளோடு ஒப்பிடுகிறது. அதனால் அளவு மாறியிருந்தாலும், ஓரம் வெட்டியிருந்தாலும், நிறம் கூட்டியிருந்தாலும் அதே படத்தைப் பிடிக்க முடிகிறது.

அங்கே காட்டும் தேதி, படம் எடுத்த தேதி இல்லை. டின்ஐ அந்தப் படத்தை முதலில் பார்த்த தேதி. டின்ஐ தொடங்கியதே 2008-இல்தான். அதற்குமுன் எடுத்த படத்துக்கு அங்கே சரியான ஆண்டு கிடைக்க வாய்ப்பே இல்லை.

பரவாயில்லை, நமக்குச் சரியான தேதி தேவையில்லை. 2015 ஏப்ரல் 25-க்கு முந்தைய ஒரே ஒரு பிரதி கிடைத்தால் போதும், நேபாளக் கதை அங்கேயே முடிந்தது. நிலநடுக்கத்துக்கு முன்பே இருந்த படம் நிலநடுக்கத்தைக் காட்ட முடியாது. ஆனால் இதைத் திருப்பிப் போடக்கூடாது. பழைய பிரதி எதுவும் கிடைக்கவில்லை என்றால், படம் புதியது என்று அர்த்தமில்லை. முகநூலில் நண்பர்களுக்கு மட்டும் போட்ட படமும், வாட்ஸ்அப்பில் மட்டும் சுற்றும் படமும் இந்தக் கருவிகளின் கண்ணில் படுவதே இல்லை. இடவலம் மாற்றிய படமும் சில சமயம் தப்பிவிடும். அப்போது படத்தைத் திருப்பிப்போட்டு இன்னொருமுறை தேடிப் பாருங்கள். ஒன்றும் வரவில்லையா, குழுவில் ‘மூலம் கிடைக்கவில்லை’ என்று மட்டும் எழுதுங்கள்.

படி 4: பக்கத்தைத் திறந்து பாருங்கள்

இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். தேடல் முடிவில் 2012 என்று தேதி இருக்கும், நாமும் துள்ளிக் குதிப்போம். திறந்து பார்த்தால் கட்டுரைதான் 2012, படம் நேற்றுப் பக்கவாட்டில் வந்த விளம்பரமாக இருக்கும். படம் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறதா, எடுத்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். விவரிக்கும் கருவிகள் சிலவும் இப்போது இணையத்தில் தேடி இணைப்புத் தருகின்றன. அவற்றையும் இப்படித் திறந்தே பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தில் உங்கள் படம் இல்லையென்றால் அதை மூலம் என்று சொல்ல முடியாது.

நம் படத்துக்கு இந்த வழியில் போனால், 2015 மே மாதம் பிபிசி வெளியிட்ட செய்தி கிடைக்கும். படத்தை எடுத்தவர் வியட்நாமியப் புகைப்படக்காரர் நா சோன் நுயென். எடுத்தது 2007-இல், வியட்நாமின் அப்போதைய ஹா ஜியாங் மாகாணத்தில் இருந்த கான் டி என்ற கிராமத்தில். நேபாளத்துக்கு முன்பே இதே படம் கைவிடப்பட்ட அனாதைகள் என்ற பெயரிலும் சுற்றியிருக்கிறது.

குழந்தைகளுக்கு எந்த ஆபத்தும் இல்லை. பெற்றோர் வயலில் வேலை செய்துகொண்டிருக்க, இருவரும் வீட்டு முன்னால் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்நியர் ஒருவர் வந்து நிற்கவும் சின்னவள் அழுதாள், பையன் அவளை அணைத்துக்கொண்டான். சிறுமி பயந்திருக்கிறாள் என்ற விவரிப்பு சரிதான். அவள் பயந்தது கேமராவோடு வந்து நின்ற நுயெனைப் பார்த்து.