18 சதவீதமா, 19 சதவீதமா? மாதக் கூட்டுவட்டியை ஆண்டு வட்டியாக மாற்றுவது எப்படி

மண்டபத்தில் எங்கள் விசைப்படகின் இன்ஜின் வேலைக்கு ஒரு லட்சம் தேவைப்பட்டது. ஓரிடத்தில் ஆண்டுக்கு 18 சதவீதம், ஆனால் மாதாமாதம் வட்டியை அசலோடு சேர்ப்பார்கள். இன்னோரிடத்தில் 19, ஆண்டுக்கு ஒரு முறைதான் சேர்ப்பார்கள். இரண்டிலும் ஓராண்டு கழித்து மொத்தமாகக் கட்டலாம். எது மலிவு?

முதலில் 18-ஐ 12-ஆல் வகுங்கள். மாதம் 1.5 சதவீதம், நம் கடற்கரைப் பேச்சில் ஒன்றரை வட்டி. அதை 100-ஆல் வகுத்து 1-ஐக் கூட்டினால் 1.015. இதையே 12 முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, கடைசியில் 1-ஐக் கழிக்க வேண்டும்:

```
(1 + 0.18/12)^12 - 1
```

போன் கால்குலேட்டரில் ^ பொத்தான் இருந்தால் அப்படியே போடலாம். கடைகளில் இருக்கும் சாதாரணக் கால்குலேட்டரில்தான் பலருக்கும் கணக்கு தப்புகிறது. 1.015 போட்டு × பொத்தானை இரண்டு முறை அழுத்தி (சில மாடல்களில் ஒரு முறை போதும்), பிறகு = அழுத்த வேண்டும். முதல் = அழுத்தியதுமே இரண்டு மாதக் கணக்கு, அதாவது 1.030225 வந்துவிடும். அதனால் 12 மாதத்துக்கு = பொத்தானை 11 முறைதான் அழுத்த வேண்டும். 12 முறை அழுத்தினால் 1.2135 வரும்; அது 13 மாதக் கணக்கு. சரியான விடை 1.1956. சந்தேகம் இருந்தால் முதலில் 2-ஐ வைத்துப் பாருங்கள்: 4, 8, 16 என்று ஏறினால் உங்கள் கால்குலேட்டர் இதற்குச் சரிப்படும்.

1-ஐக் கழித்தால் 0.1956, அதாவது 19.56 சதவீதம். ஒரு லட்சத்துக்கு வட்டி ஏறக்குறைய 19,562 ரூபாய். மற்ற இடத்தில் 19,000 மட்டுமே. ஆக, 19 சதவீதக் கடன்தான் மலிவு.

எனக்குப் பிடித்தது கூகுள் ஷீட்ஸ். எண்ண வேண்டிய வேலையே இல்லை:

```
=EFFECT(18%, 12)
```

இதில் % குறியை விட்டுவிடாதீர்கள். வெறும் 18 போட்டால் 59603.64 என்று வந்து நிற்கும். விடை 20% என்று முழு எண்ணாகத் தெரிந்தால் தசம இடங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: மாதாமாதம் வட்டியைக் கட்டிவிடுபவருக்கும் 19,562 ஆகுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆகாது. கட்டிய வட்டி அசலில் ஏறாது, அவருக்கு மாதம் 1,500 வீதம் 18,000-தான். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும்போது இரண்டு மாத வட்டி மட்டும் நிலுவையானால், முதல் சூத்திரத்தில் ^ குறிக்குப் பின்னால் இருக்கும் 12-க்கு மட்டும் பதிலாக 2 போடுங்கள். பாக்கி 1,03,022.50 ஆகும். வட்டிக்கு வட்டி என்று அதில் ஏறியது 22.50 ரூபாய்தான்.