ஆறு உறுப்புக்குள் ஒளிந்திருக்கும் இருபடிக் கோவை

உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில்தான் கணித வகுப்பு. போன கிழமை பதினோராம் தரப் பிள்ளை ஒருத்தி இந்தக் கோவையைக் கொண்டுவந்தாள்:

```
x² + 4xy + 4y² − 3x − 6y − 10
```

"ரெண்டு ரெண்டாப் பிரிச்சுப் பாத்தன் சேர், பொதுவா ஒண்டும் வருகுதில்லை."

வராதுதான். இதை மூன்று, இரண்டு, ஒன்று என்று பிரிக்க வேண்டும்.

படி 1. கடைசி மூன்று உறுப்புகளையும் கையால் மறையுங்கள். மிஞ்சுவது x² + 4xy + 4y². முதல் உறுப்பு x இன் வர்க்கம், கடைசி உறுப்பு 2y இன் வர்க்கம். நடுவில் உள்ள 4xy, x ஐயும் 2y ஐயும் பெருக்கி இரட்டித்தது. ஆகவே இது (x + 2y)².

படி 2. கையைக் கொஞ்சம் நகர்த்தி −3x − 6y ஐப் பாருங்கள். −3 ஐ வெளியே எடுத்தால் −3(x + 2y). அதே அடைப்பு திரும்ப வந்துவிட்டது! முழு விடயமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. −6y க்குப் பதில் +6y இருந்திருந்தால் −3(x − 2y) என்று வேறு அடைப்பு வந்திருக்கும். இந்த வழி அங்கேயே நின்றுவிடும். குறியை இரண்டு தரம் பாருங்கள்.

படி 3. x + 2y ஐ u என்று வைப்போம்.

```
u² − 3u − 10 = (u − 5)(u + 2)
             = (x + 2y − 5)(x + 2y + 2)
```

பெருக்கினால் −10, கூட்டினால் −3 வரும் எண்கள் −5, 2. கடைசியில் u ஐ எடுத்துவிட்டு x + 2y ஐத் திரும்ப எழுத மறக்க வேண்டாம்.

அந்தப் பிள்ளை இரண்டாம் படிக்குப் பிறகு (x + 2y)(x + 2y − 3) − 10 என்று எழுதி, கீழே இரட்டைக் கோடும் போட்டுவிட்டாள். கோவை சரிதான், ஆனால் காரணிகள் இல்லை. கடைசியில் 10 ஐக் கழிக்கிறோமே, அது பெருக்கமாக முடியவில்லை.

சரிபார்க்க x = 1, y = 1 போடுங்கள். கோவை −10; காரணிகள் (−2) × 5, அதுவும் −10. பூச்சியம் போட்டுப் பார்ப்பது போதாது: குறிகளை மாற்றி (x + 2y + 5)(x + 2y − 2) என்று எழுதினாலும் பூச்சியத்தில் −10 தான் வரும், 1 போட்டால் 8 வந்து பிழையைக் காட்டிவிடும். (செய்கை தாளை வாசல்படியில் வைக்காதீர்கள். எங்கள் ஊர் மான்களுக்குத் தாளும் தீனிதான்.)

கடைசி எண் −11 ஆக இருந்தால்? அதே அடைப்புத்தான் திரும்ப வரும், ஆனால் பெருக்கம் −11, கூட்டுத்தொகை −3 ஆகும் முழு எண்கள் இல்லை. அப்போது முழு எண் குணகங்களோடு காரணிப்படுத்த முடியாது.

இதை நீங்களே செய்து பாருங்கள். அடைப்புக்குள் இந்த முறை கழித்தல் குறி வரும்:

```
x² − 6xy + 9y² + 2x − 6y − 15
```