கனடா வருகிறீர்களா? உங்கள் 8, இங்கே 8 இல்லை

வங்கிக் கணக்கு, சிம் கார்டு, சின் நம்பர் எல்லாம் விமானம் ஏறும் முன்பே நாலு பேர் சொல்லியிருப்பார்கள். அதை விடுங்கள். யாரும் சொல்லாத ஒன்று, காலணி நம்பர்.

என் நண்பன் திருநெல்வேலிக்காரன். நவம்பரில் பிராம்ப்டனுக்கு வந்தான். ஊரில் கல்லூரிக் காலத்திலிருந்தே 8 நம்பர்தான். தள்ளுபடியில் பனிக்கால பூட்ஸ் ஒன்றை இணையத்தில் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு 8 போட்டுவிட்டான். 'இறுதி விற்பனை, திருப்பி எடுக்க மாட்டோம்' என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. வந்த பூட்ஸில் வெறுங்காலிலேயே பெருவிரல் முட்டியது. "போடப் போட விரிஞ்சிடும்" என்றான். தோல் செருப்பு விரியும், அடிப்பாகம் முழுக்க ரப்பரான பனி பூட்ஸ் விரியாது. கம்பளி காலுறையும் சேர்ந்ததும் விரல்கள் நெரிபட்டு ரத்த ஓட்டம் குறைந்து, ஜனவரியில் பேருந்து நிறுத்தத்தில் கால் மரத்துப்போனதுதான் மிச்சம். கடைசியில் முழு விலைக்கு இன்னொரு ஜோடி வாங்கினான்.

காரணம் ரொம்பச் சின்னது. இந்தியாவிலும் இலங்கையிலும் பெரும்பாலும் பிரிட்டிஷ் நம்பர். கனடாவில் அமெரிக்க நம்பர். இரண்டிலும் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இடைவெளி ஒன்றுதான்: அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் எட்டரை மில்லிமீட்டர். பழைய இங்கிலாந்தில் ஒரு வாற்கோதுமை மணியின் நீளம் அது. எண்ண ஆரம்பிக்கும் இடம்தான் வேறு. ஆண்கள் அளவில் அமெரிக்க நம்பர் ஒன்று கூடுதலாக வரும். 11 அங்குல நீளமுள்ள கால் வடிவ அச்சில் தைத்த செருப்புக்கு பிரிட்டிஷ் கணக்கில் 8, அமெரிக்கக் கணக்கில் 9. ஐரோப்பியர்கள் அதே அச்சைச் சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்காகக் கூறு போட்டு 42 என்பார்கள். ஆக நண்பன் வாங்கிய 8, நம்மூர் 7.

பெண்களுக்குக் குழப்பம் இன்னும் அதிகம். ஊரில் 5 போட்டவர் இங்கே பெரும்பாலும் 7 தேட வேண்டும். 'யூனிசெக்ஸ்' என்று விற்கும் பூட்ஸில் இருப்பது பொதுவாக ஆண்கள் நம்பர். அதில் பெண்கள் தங்கள் அமெரிக்க நம்பரிலிருந்து ஒன்றரை குறைத்துப் பார்க்க வேண்டும்.

எனவே நம்பரை நம்பாமல் காலை அளந்துவிடுங்கள். சாயங்காலம் அளப்பது நல்லது, நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். காகிதத்தைச் சுவரோரம் வைத்து, குதிகால் சுவரில் படும்படி எழுந்து நின்று, மிக நீண்ட விரலின் நுனியில் கோடு போடுங்கள். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சென்டிமீட்டரைக் கம்பெனி போட்டிருக்கும் அட்டவணையில் தேடுங்கள். பூட்ஸ் என்றால் தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து, விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருந்தால்தான் எடுக்க வேண்டும்.

நீளம் சரியாக இருந்தும் பக்கவாட்டில் பிடித்தால் அகலம்தான் பிரச்சினை. இங்கே அகலத்துக்கும் எழுத்து உண்டு: ஆண்களுக்கு டி சாதாரணம், 2இ அகலம். நம் ஆட்களில் பலருக்கு 2இ தேவைப்படும். இந்தியக் கால்கள் அகலம் அதிகம் என்பதைச் சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அளந்தே பார்த்து, 'பா' என்று நமக்கென ஓர் அளவு முறையையே முன்வைத்திருக்கிறது. வெள்ளைக்காரன் நம்பரில் இத்தனை வருடம் காலைத் திணித்தது போதாதா!

உடுப்பில் கதை வேறு. காலணி நம்பருக்காவது பின்னால் ஒரு கணக்கு உண்டு. எஸ், எம், எக்ஸ்எல்லுக்கு அதுவும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் வாடிக்கையாளர் இப்படி இருப்பார் என்று ஓர் உடம்பை வைத்து வெட்டி, அதிலிருந்து கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 1958-இல் பெண்கள் உடைக்குப் பொது அளவு ஒன்று கொண்டுவந்தார்கள். பின்பற்றச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. 1983-இல் அதையும் கைவிட்டார்கள். அப்புறம் அவரவர் இஷ்டம். வாங்குபவர் மனம் குளிர, பெரிய துணிக்குச் சின்ன நம்பர் ஒட்டுவதும் நடக்கிறது. ஊரில் எக்ஸ்எல் போட்டவருக்கு இங்கே எம் சரியாக இருந்தால், இளைத்துவிட்டோம் என்று குதிக்க வேண்டாம்.

இதற்கும் அளவு நாடா போதும். நன்றாகப் பொருந்தும் பழைய சட்டையைப் படுக்கையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அட்டவணையில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதில் இருப்பது உடம்பின் அளவா, துணியின் அளவா? உடம்பு 40 அங்குலம் என்றால் சட்டை அதைவிட நாலைந்து அங்குலம் பெரிதாக இருக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டால் தொளதொள என்றோ இறுக்கமாகவோ வந்து சேரும்.

ஊருக்குப் போகும்போது அப்பாவுக்கு ஷூ வாங்கினால் அவரையும் காகிதத்தில் கோடு போட்டு வாட்ஸ்அப்பில் அளவு அனுப்பச் சொல்லுங்கள். "அதெல்லாம் எதுக்கு, ஏழுதான்டா" என்று சொல்வார். அப்படியென்றால் இங்கே 8 எடுங்கள். கடை ரசீதைத் திரும்பி வரும் வரை வைத்திருங்கள்.