மணி சரி, குறியீடு தவறு

மஸ்கெலியாவில் எங்கள் லயத்துக்குள் சிக்னல் நிற்பதில்லை. ஆகையால் மின்னஞ்சலுக்குள் நுழைவதற்கான குறுந்தகவல் குறியீடு பெரும்பாலும் காலாவதியான பின்னரே வந்து சேரும். சிக்னலே தேவைப்படாத அங்கீகாரச் செயலிக்கு மாறலாம் என்று முயன்றபோது, அது காட்டிய ஆறு இலக்கங்கள் ஒவ்வொரு முறையும் நிராகரிக்கப்பட்டன. செயலியை அழித்து மீண்டும் நிறுவினேன், கியூஆர் குறியீட்டைப் புதிதாக வருடினேன். மூன்று நாள்கள் வீணாயின.

கைப்பேசி துபாயிலிருந்து அண்ணன் அனுப்பியது. அதன் நேர வலயம் துபாயிலேயே இருக்க, நான் மணியை மட்டும் கையால் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளியிருந்தேன். திரையில் இலங்கை நேரம் சரியாகவே தெரிந்ததால் சந்தேகம் எழவில்லை. ஆனால் செயலி, பதிவின்போது பெற்ற இரகசியச் சாவியையும் உலகப் பொது நேரத்தையும் சேர்த்தே 30 விநாடிக்கு ஒரு குறியீட்டைக் கணிக்கிறது. அந்தப் பொது நேரம் என் கைப்பேசியில் 90 நிமிடம் தவறாக இருந்தது. அமைப்புகளில் நேரத்தையும் வலயத்தையும் தானியங்கியாக்கியதும் அடுத்த குறியீடே ஏற்கப்பட்டது. அப்பாடா என்றிருந்தது.

வேறொருவர் என் எண்ணுக்கு மாற்று சிம் எடுத்தாலும் இக்குறியீடு அவருக்குப் போகாது. கைப்பேசி தொலைந்தால் சாவியும் போய்விடும் என்பதால், மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வைத்துள்ளேன். தாளைப் பத்திரப்படுத்தாத அம்மாவுக்குக் குறுந்தகவலையே விட்டுவைத்தேன்; அவர் கணக்கிலிருந்து நிரந்தரமாகப் பூட்டப்படுவதே அங்கு பெரிய ஆபத்து, அதே எண்ணில் புதிய சிம் வாங்கினால் அவர் உள்ளே நுழைந்துவிடலாம்.