நல்லா விக்கிற கேக் ஏன் நஷ்டத்துல போகுதுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

தண்டையார்பேட்டைல வீட்லயே கேக் போட்டு டெலிவரி ஆப்ல விக்கிறேன். அதிகம் போறது அரை கிலோ ரசமலாய் கேக், விலை 600. போன ஏப்ரல்ல 40 போச்சு, ஆனா மாசக் கடைசில கிரீம் வாங்கவே காசு இல்ல. ஒரு நாள் உக்காந்து கணக்கு போட்டேன், அத அப்படியே சொல்றேன்.

முதல்ல ஒரு கேக்கோட செலவு. கப் கணக்கு வேணாம், தராசுல நிறுத்தி எழுதுங்க. டப்பா, அடி அட்டை, ரிப்பன், கேஸ், கரண்ட் எல்லாம் சேத்து எனக்கு 310 வந்துச்சு, என் உழைப்ப இதுல சேக்கல.

அடுத்து கைக்கு வர்ற காசு. கமிஷன் 25%, அதாவது 150, அது மேல 18% ஜிஎஸ்டி 27. நான் குடுத்த ஆஃபர் 60. 600ல இதெல்லாம் போக 363 வருது. செலவு போக ஒரு கேக்குக்கு 53 ரூபா நிக்கிது.

நான் தப்பு பண்ணது இதுக்கு அடுத்த இடத்துல, அதனால இத நிதானமா படிங்க. அந்த மாசம் 6 ரீஃபண்ட். ஒன்னு திரும்புனா 53 தானே போச்சுன்னு நெனச்சு 40க்கு 2,120 லாபம், அதுல 318 கழிச்சா போதும்னு விட்டுட்டேன். ஆனா கேக் செஞ்ச செலவு ஏற்கனவே போயிடுச்சு, வர வேண்டிய 363ம் வரல, அப்போ ஒரு ரீஃபண்டுக்கு போறது முழு 363, அத ஈடு கட்ட கிட்டத்தட்ட ஏழு கேக் விக்கணும். அஞ்சு ரீஃபண்ட் வரைக்கும் தாங்கும், ஆறாவதுல 58 ரூபா நஷ்டம்.

இதுக்கு தனி ஆப்லாம் வேணாம், போன்ல கூகுள் ஷீட்ஸ் தான் எனக்கு புடிச்சது. B1 விலை, B2 ஆஃபர், B3 ஒரு கேக்குக்கு கமிஷன் எத்தன ரூபான்னு, B4 மொத்த ஆர்டர், B5 ரீஃபண்ட், B6 ஒரு கேக்கோட செலவு:

```
=(B1-B2-B3*1.18)*(B4-B5)-B6*B4
```

அப்புறம் ஒவ்வொரு ரீஃபண்டும் எத்தன மணி ஆர்டர்னு பாருங்க. என்னோடது ஆறுல நாலு மத்தியானம் 12லேருந்து 4க்குள்ள போனது. வெயில்ல கிரீம் இளகி, ஊற வச்ச பால் அடில கசிஞ்சு, வண்டி குலுங்குனதுல ஒரு பக்கமா சரிஞ்சிருக்கு. இப்போ பால கம்மியா ஊத்தி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ்ல வச்சு தான் அனுப்புறேன், மத்தியானம் 12லேருந்து 4 வரைக்கும் ஆர்டர் ஆஃப், ஆஃபரும் எடுத்துட்டேன். மே மாசம் 31 தான் போச்சு, ரீஃபண்ட் 2, கைல நின்னது 2,657.

அப்டேட்: கமெண்ட்ல ஒரு அக்காவுக்கு கணக்கு ஒத்து வரல. அவங்க ஆப்ல கமிஷன் ஆஃபர் போக மீதி தொகைக்கு தான் போடுறாங்களாம், என்னோடதுல முழு விலைக்கு. அதனால B3ல சதவீதத்த வச்சு நீங்களா கணக்கு போடாம, வாரா வாரம் வர்ற பேமென்ட் ஸ்டேட்மென்ட்ல ஒரு ஆர்டருக்கு பிடிச்சிருக்க தொகைய பாத்து போடுங்க. அதுல ஜிஎஸ்டி ஏற்கனவே சேந்திருந்தா `*1.18` எடுத்துடுங்க.