மேக் மெயிலில் மின்னஞ்சல்கள் வெறுமையாகத் தெரிந்தபோது நான் செய்தது

மேக்கின் மெயில் செயலியில் தலைப்பும் அனுப்பியவர் பெயரும் தெரிந்தன. திறந்தால் உள்ளே வெள்ளைத் திரைதான். சில மின்னஞ்சல்கள் பட்டியலிலேயே இல்லை.

முதலில் பிரவுசரில் அதே கணக்கைத் திறந்து பார்த்தேன். எல்லாம் அங்கே முழுசாக இருந்தன. அப்படியென்றால் பழுது என் கணினியில் இருக்கும் பிரதியில்தான். இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. ஏனென்றால் அடுத்து செய்யப்போவது ரீபில்ட், அதாவது அஞ்சல் பெட்டியை மறுபடி கட்டுவது. மின்னஞ்சல்களை சர்வரிலேயே வைத்திருக்கும் ஐமேப் கணக்கில் அதைச் செய்தால், மெயில் செயலி கணினியில் உள்ள பிரதியை அழித்துவிட்டு, சர்வரில் இருப்பதை மறுபடி இறக்கும். சர்வரில் இல்லாதது திரும்பி வராது.

பிறகு பக்கப்பட்டியில் அந்தக் கணக்கின் இன்பாக்ஸை மட்டும் தேர்ந்தெடுத்து, மேலே மெனுவில் `Mailbox > Rebuild` கொடுத்தேன். எல்லாக் கணக்குகளும் சேர்ந்த `All Inboxes`-ஐ விட்டுவிட்டு, அதன் கீழே விரியும் தனிக் கணக்கைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

கொடுத்ததும் இன்பாக்ஸ் காலியாகிவிடும். பதற வேண்டாம், இறக்கம் முடியும்வரை அப்படித்தான் இருக்கும். `Window > Activity` திறந்தால் வேலை ஓடுவது தெரியும். மின்னஞ்சல்களில் இணைப்புக் கோப்புகள் நிறைய இருந்தால் நேரமெடுக்கும். அதுவரை செயலியை மூடாமல் விட்டேன். முடிந்ததும் வெறுமையாக இருந்தவை உள்ளடக்கத்தோடு திறந்தன, காணாமல்போனவையும் பட்டியலுக்கு வந்துவிட்டன.