டப்பாவின் அடியில் உள்ள எண்ணும் மூடியின் பிடிப்பும்: உணவுப் பாத்திரம் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளாஸ்டிக் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், அடியில் ஒரு முக்கோணமும் அதற்குள் 1 முதல் 7 வரையிலான ஓர் எண்ணும் இருக்கும். "5 என்று போட்டிருந்தால் நல்ல டப்பா" என்பது இன்று பல வீடுகளில் சொல்லப்படும் அறிவுரை. இதில் பாதிதான் உண்மை. அந்த எண்ணை 1988-இல் அமெரிக்காவின் பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்தது. பயன்படுத்தி எறிந்த பொருள்களை மறுசுழற்சிக்காக வகை பிரிக்கும் தொழிலாளிக்கு, இது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். டப்பா உணவுக்கு ஏற்றதா, சூடு தாங்குமா, மூடி இறுக நிற்குமா என்ற கேள்விகளுக்கு அந்த எண் விடை சொல்வதில்லை. அதைத் தர முத்திரையாக வாசிப்பதுதான் முதல் தவறு; மற்ற தவறுகள் பலவும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

எண் சொல்வது பிளாஸ்டிக்கின் குலத்தை மட்டுமே. 1 என்பது பெட். தண்ணீர் பாட்டில்களும் ஊட்டச்சத்து மாவு வரும் கண்ணாடி போன்ற ஜாடிகளும் பெரும்பாலும் இதுவே. 2 கடினமான பாலிஎத்திலீன், 4 மென்மையான பாலிஎத்திலீன், 5 பாலிபுரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 3 பிவிசி. 7 என்பது ஒரு தனிப் பிளாஸ்டிக்கே அல்ல. முதல் ஆறிலும் அடங்காத எல்லாவற்றுக்கும் அதுவே எண். அதனால் 7 என்று கண்டவுடன் நஞ்சு என்று ஒதுக்குவதும் தவறு, உயர்ந்த ரகம் என்று நம்புவதும் தவறு. உடல்நலத்துக்குக் கேடு என்று பலரும் அஞ்சும், பிபிஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பிஸ்பினால்-ஏ என்ற வேதிப்பொருளைக் கொண்டு செய்யப்படும் பாலிகார்பனேட்டும் 7-தான், அது இல்லாத வேறு புதிய வகைகளும் 7-தான். இதோடு ஒட்டியே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 5 எண் டப்பாவின் மேல் "பிபிஏ இல்லை" என்று பெரிதாக அச்சிட்டிருப்பது பொய்யல்ல, ஆனால் பாலிபுரொப்பிலீன் செய்வதற்குப் பிஸ்பினால்-ஏ தேவையே இல்லை. அந்த வரிக்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

உணவுக்கு ஏற்றதா என்பதை அறிய வேறு அடையாளங்களைத் தேட வேண்டும். நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டுப் பொதியல் விதிகள், உணவைத் தொடும் ஒவ்வொரு பிளாஸ்டிக்குக்கும் ஓர் இந்தியத் தரநிலையைக் காட்டுகின்றன. பாலிபுரொப்பிலீனுக்கு அது ஐ.எஸ். 10910. பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் இறங்கும் பொருள்களின் மொத்த அளவு கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதும் அந்த விதிகளில் உண்டு. அதைச் சோதிக்கும் முறை நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. ஆய்வகத்தில் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிப் பார்ப்பதில்லை. புளிப்பான உணவுக்கு நிகராக 3 சதவீத அசிட்டிக் அமிலத்தையும், எண்ணெய்ப் பசையான உணவுக்கு நிகராக ஹெப்டேன் என்ற கரைப்பானையும் தனித்தனியே பயன்படுத்துகிறார்கள். தண்ணீர் இழுக்காததைப் புளிப்பு இழுக்கலாம், புளிப்பு இழுக்காததை எண்ணெய் இழுக்கலாம். ஆகவே "இந்த டப்பா நல்லதா?" என்ற கேள்வி முழுமையற்றது; இந்த உணவுக்கு, இந்தச் சூட்டில், இத்தனை நாளுக்கு நல்லதா என்று கேட்க வேண்டும்.

சூடு, புளிப்பு, எண்ணெய் மூன்றும் ஒரே பாத்திரத்தில் சேரும் வத்தக்குழம்பை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். மீந்த குழம்பை இரவில் எடுத்து வைத்து மறுநாள் சூடாக்கிச் சாப்பிட வேண்டும் என்று கொள்வோம்.

கைக்கு அருகில் கழுவி வைத்த பெட் ஜாடி ஒன்று இருக்கிறது. பெட்டுக்கு எண்ணெயால் பெரிய தொல்லை இல்லை. சமையல் எண்ணெயே அதில்தான் விற்கப்படுகிறது. அதன் பலவீனம் சூடு. ஏறக்குறைய 70 முதல் 75 டிகிரியில் அது இளகத் தொடங்கும். அடுப்பிலிருந்து இறக்கிய குழம்பு அதைவிட மிகவும் சூடானது. ஊற்றியவுடன் ஜாடியின் தோள் சுருங்கி, வாய் நீள்வட்டமாகிவிடும். கொதிநீர் விட்டு ஜாடி கழுவுபவர்களுக்கும் இதே கதிதான் நேர்கிறது; வாய் கோணிய பின் மூடி திருகினாலும் இறுகாது. பருப்பு, மிளகாய், பொடி போன்ற உலர்ந்த பொருள்களுக்குப் பெட் ஜாடி நன்றாகவே உதவும்.

அடுத்தது தயிர்க் கப்பும் ஐஸ்கிரீம் டப்பாவும். இவை பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்று பாலிபுரொப்பிலீனாகவும் மற்றொன்று பாலிஸ்டைரீனாகவும் இருக்கலாம். எண்ணைப் பார்ப்பதால் உண்மையில் பயன் விளையும் இடம் இது. 6 என்றிருந்தால் சூட்டுக்கும் ஆகாது, எண்ணெய்க்கும் ஆகாது. எலுமிச்சைத் தோலின் எண்ணெய்கூட பாலிஸ்டைரீனை அரிக்கும். குளிர்ந்த பொருளுக்காகச் செய்யப்பட்ட டப்பாவில் சூடான குழம்பை ஊற்றுவது எந்த எண்ணாக இருந்தாலும் சரியல்ல.

இனி 5. பாலிபுரொப்பிலீன் உருகுவதற்கு ஏறத்தாழ 160 டிகிரி வேண்டும் என்பதால் சூடான குழம்பை அது தாங்கும். தவறு மறுநாள் நேர்கிறது. குழம்பை அதே டப்பாவில் மைக்ரோவேவில் வைக்கும்போது, தண்ணீர் 100 டிகிரியில் நின்றுவிடும். மேலே மிதக்கும் எண்ணெய்க்கு அந்தத் தடை இல்லை. எண்ணெய் விளிம்பில் சூடு மிக ஏறி, அந்தக் கோட்டில் பிளாஸ்டிக் இளகிப் பொரிந்துபோகும். டப்பாவின் உட்சுவரில் எண்ணெய் நின்ற மட்டத்தில் வெளுத்த, சொரசொரப்பான பட்டை தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று பொருள். மஞ்சளும் மிளகாயும் ஏற்றிய நிறம் கழுவப் போகாததைப் பலரும் குறையாக நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் கறைதான். சொரசொரப்புப் பட்டைதான் டப்பாவை உணவுப் பயன்பாட்டிலிருந்து விலக்க வேண்டிய அறிகுறி. "மைக்ரோவேவுக்கு ஏற்றது" என்ற குறி இருந்தாலும், அது பாத்திரத்துக்கு மட்டுமா, மூடிக்கும் சேர்த்தா என்று பார்க்க வேண்டும். உடல் 5 ஆகவும், வளையும் மூடி 4 ஆகவும் இருப்பது சாதாரணம். 4-இன் உருகுநிலை ஏறத்தாழ 110 டிகிரிதான். மூடியின் எண்ணைத் தனியாகப் பார்க்காமல் வாங்குவதைப் பலரும் ஒரு தவறாகவே எண்ணுவதில்லை. பார்சலில் வரும் மெல்லிய டப்பாக்களும் பல நேரம் 5-தான், ஆனால் அவை ஒருமுறைப் பயனுக்கான கனத்தில் செய்யப்பட்டவை. எண் ஒன்றாக இருப்பதால் தரமும் ஒன்றாகிவிடாது.

பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று கண்ணாடிக்குப் போனால், குழம்பு கண்ணாடியிலிருந்து எதையும் இழுக்காது என்பது உறுதி. ஆனால் எல்லாக் கண்ணாடியும் ஒன்றல்ல. ஊறுகாய் வரும் சாதாரண பாட்டில் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. ஓவனுக்கும் மைக்ரோவேவுக்கும் என்று விற்கப்படும் போரோசிலிகேட் கண்ணாடி சூட்டில் விரிவது அதில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த சாதாரண பாட்டிலில் சூடான குழம்பை ஊற்றினால், உள்சுவர் விரிய வெளிச்சுவர் விரியாமல் நிற்க, பாட்டில் பிளந்துவிடும். போரோசிலிகேட்டும் கையில் கிடைத்த குளிர்ந்த பாத்திரத்தை நேரே அடுப்பில் ஏற்றுவதற்கு உரிமம் அல்ல. உறைய வைப்பதானால், தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும் என்பதால் மேலே இடம் விட வேண்டும். கண்ணாடி வாங்கியவர் மறந்துவிடும் மற்றொன்று, அதன் மூடி பிளாஸ்டிக்காகவே இருக்கும் என்பது. ஆகவே குழம்பு மூடியைத் தொடும் வரை நிரப்பாமல், சூடாக்கும்போது மூடியைக் கழற்றிவிட்டு ஒரு பீங்கான் தட்டால் மூடினால் போதும்.

எவர்சில்வரைப் பற்றிய தவறு வேறு விதமானது. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஃகு என்று கடையில் சொல்வார்கள். 304 என்ற வகையில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 202 என்ற மலிவான வகையில் நிக்கலின் ஒரு பங்கை மாங்கனீசு ஈடு செய்கிறது. இரண்டிலுமே பொதுவாகக் காந்தம் ஒட்டாது. எனவே காந்தச் சோதனை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. பாத்திரத்தில் அச்சடித்த வகை எண்ணையும் நம்பகமான கடையின் ரசீதையும்தான் பார்க்க வேண்டும். வத்தக்குழம்பு ஓரிரு நாள் குளிரில் இருக்க 304 சம்படம் மிகப் பொருத்தம். மாங்காய் ஊறுகாயை மாதக்கணக்கில் அதில் வைக்கக் கூடாது. எஃகைக் காக்கும் மெல்லிய மேற்படலத்தை உப்பின் குளோரைடு ஆங்காங்கே துளைக்கும். கழுத்தில் உப்புப் படியும் இடத்தில் ஊசிமுனை அளவுக் குழிகளும் பழுப்புப் புள்ளிகளும் தோன்றும். ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடியும் கண்ணாடியுமே சரி.

பாத்திரத்தை இவ்வளவு ஆராய்ந்துவிட்டு மூடியைக் கையால் ஒரு முறை தட்டிப் பார்த்து வாங்கிவிடுகிறோம். நான்கு பக்கமும் தாழ்ப்பாள் உள்ள மூடி காற்றுப் புகாதது என்பது ஒரு அனுமானமே. இறுக்கத்தைத் தருவது தாழ்ப்பாள் அல்ல, அது சீராக அழுத்தும் சிலிகான் வளையம். கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை விளிம்பின் மேல் வைத்து மூடிப் பூட்டி, மெதுவாக இழுத்துப் பாருங்கள். நான்கு மூலைகளிலும் நான்கு பக்கங்களின் நடுவிலும் இதைச் செய்தால், எங்கே காகிதம் தடையின்றி வழுக்கி வருகிறதோ அங்கே வளையம் அழுந்தவில்லை. நீளமான செவ்வகப் பாத்திரங்களில் இரண்டு தாழ்ப்பாள்களுக்கு நடுவே இந்தக் குறை அதிகம்; வட்டமான திருகு மூடியில் குறைவு.

வீட்டில் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்ப்பது சாம்பார் சிந்துமா என்பதற்கு விடை தரும், மொறுமொறுப்பு நிற்குமா என்பதற்குத் தராது. ஏனெனில் தண்ணீரைத் தடுக்கும் இடுக்கு ஈரக் காற்றைத் தடுக்காமல் போகலாம். காலிப் பாத்திரத்தைப் பூட்டி, வெதுவெதுப்பான நீருக்குள் சற்று நேரம் அமுக்கிப் பிடித்தால், உள்ளே இருக்கும் காற்று விரிந்து, பலவீனமான இடத்தில் குமிழியாக வெளிவரும். முறுக்குக்கும் பொடிக்கும் வாங்குபவர்கள் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். அழுத்தி மூடும் எவர்சில்வர் சம்படம் இதில் பெரும்பாலும் தோற்றுவிடும்; வளையமில்லாத மூடியிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

வளையம் கையால் கழற்றக் கூடியதா என்பதையும் வாங்கும்போதே பாருங்கள். கழற்ற முடியாத வளையத்தின் பள்ளத்தில் குழம்பும் ஈரமும் தங்கிக் கரும்பூஞ்சை படியும். மூடியைக் கழுவிய பின்னும் மணம் போகவில்லையென்றால் அங்கேதான் பார்க்க வேண்டும். கழற்றிக் கழுவியதை முழுதும் உலர்த்தி, முறுக்கிக்கொள்ளாமல் பள்ளத்தில் திரும்ப அமர்த்த வேண்டும். சூடான உணவை உடனே பூட்டினால் உள்ளே நீராவி ஆறிச் சுருங்கி மூடியை உள்ளிழுத்துக்கொள்ளும். அப்போது திறக்க விளிம்பை நெம்பினால் வளையம் கிழிந்துபோகும். இட்லி மாவுக்கு இதற்கு நேர்மாறான சிக்கல்: புளிக்கும்போது வாயு பெருகுவதால், மாவுப் பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், தாழ்ப்பாள்களைப் பூட்டாமல் மூடியை மேலே வைத்து மட்டும் விடுவதே முறை. புளித்து முடிந்து குளிர்சாதனப் பெட்டிக்குள் போகும்போது பூட்டிக்கொள்ளலாம்.